ஒவ்வொரு பாகமும் எந்தத் தேவைக்காக: ஒரு வடிவமைப்பு நியாயப் பகுதியைத் திருத்தி எழுதிய பதிவு

எடுத்துக்கொண்டது ஒரு இறுதியாண்டுத் திட்ட அறிக்கை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி வைக்கும் ஐஎல்ஆர் என்ற குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையைக் கண்காணித்து, எல்லை தாண்டினால் பொறுப்பாளரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் ஒரு சிறு கருவி. கருவி வேலை செய்கிறது. ஆனால் மதிப்பீட்டாளர் நான்காம் அத்தியாயத்தில், 'ஏன் இந்தப் பாகங்கள்?' என்ற பகுதியின் ஓரத்தில், 'இது நியாயம் இல்லை, பாகங்களைப் பற்றிய பாராட்டு' என்று எழுதித் திருப்பியிருந்தார். அந்தப் பகுதி ஏறக்குறைய இப்படி இருந்தது:

"DS18B20 சென்சார் துல்லியமானது, விலை குறைவு, எளிதில் கிடைக்கும் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டது. ESP32 வேகமானது, வைஃபை வசதி உள்ளது. 2600 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி நீண்ட நேரம் தாங்கும். 16 ஜிபி மெமரி கார்டு அதிகத் தரவைச் சேமிக்கும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளவெடுப்பது போதுமானது. ஓஎல்இடி திரை பயனருக்கு வசதியாக இருக்கும்."

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இதே ஆறு வாக்கியங்களை மீன் தொட்டிக் கருவிக்கும் பசுமைக்குடில் கருவிக்கும் அப்படியே ஒட்டிவிடலாம். 'துல்லியமானது' என்றால் எவ்வளவு, யாருக்குப் போதும்? 'நீண்ட நேரம்' என்றால் எத்தனை மணி? எதைச் செய்ய அந்தப் பாகம் வந்ததோ அதைச் சொல்லாமல் பாகத்தின் குணங்களை மட்டும் அடுக்கினால், இப்படித்தான் எங்கும் பொருந்தும் பத்தி வந்து விழும்.

முதலில் தேவைகளைச் சரிசெய்தல்

நான்காம் அத்தியாயத்தைத் தொடுவதற்கு முன் இரண்டாம் அத்தியாயத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் அது எந்தத் தேவைக்காக வந்ததோ அதோடு கட்டிக் காட்டுவதுதான் நியாயம். தேவைகளே சரியாக இல்லையென்றால் எதையும் எதோடும் கட்ட முடியாது. அங்கே இருந்த பட்டியலில் ஒன்று: 'கருவி ESP32 பலகையைப் பயன்படுத்த வேண்டும்.' இது தேவை அல்ல, தேவையின் வேடம் போட்ட தீர்வு. பாகத்தை வாங்கிய பிறகு, அதற்கு நியாயம் வேண்டுமே என்று பின்னால் எழுதிச் சேர்த்தது. கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: கருவியின் மூடியைத் திறக்காமல் அந்த வரியைச் சோதிக்க முடிகிறதா என்று பாருங்கள். உள்ளே எந்தப் பலகை இருக்கிறது என்று திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றால், அந்த வரி தேவைப் பட்டியலில் இருக்கக்கூடாது. அதை எடுத்துவிட்டோம்.

மற்றொரு வரி, 'உலக சுகாதார நிறுவன விதிப்படி 15 நிமிடத்தில் எச்சரிக்கை' என்றது. அந்த நிறுவனம் 30 நாள் வெப்பநிலைப் பதிவுக் கருவிகளுக்கு வகுத்திருக்கும் எச்சரிக்கை அளவு வேறு: 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம், அல்லது மைனஸ் 0.5 டிகிரியிலோ அதற்குக் கீழோ ஒரு மணி நேரம். 15 நிமிடம் என்பது சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் கேட்டது. செய்தி வந்தபின் ஆள் வந்து சேர நேரமாகும், ஆகவே சீக்கிரம் தெரிய வேண்டும் என்பது அவர் கணக்கு. அது முற்றிலும் ஏற்கத்தக்க தேவைதான். ஆனால் அதன் மூலம் 'மருத்துவ அலுவலருடன் கலந்துரையாடல்' என்றுதான் இருக்க வேண்டும். கனமான பெயரை ஒட்டினால் தேவைக்குக் கனம் கூடாது. விவரம் தெரிந்தவர் கையில் அறிக்கை கிடைத்தால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார், அவ்வளவுதான்.

சரிசெய்தபின் நின்றவை இவை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஓர் அளவு.

தே-1: பெட்டியின் 2 முதல் 8 டிகிரி வரையிலான பகுதியில் மொத்த அளவுப் பிழை ±0.5 டிகிரிக்குள்.
தே-2: எல்லை தாண்டிய 15 நிமிடத்துக்குள் எஸ்எம்எஸ், மின்தடையின்போதும்.
தே-3: மூடியை 3 நிமிடம் வரை திறந்து வைத்தால் பொய் எச்சரிக்கை வரக்கூடாது.
தே-4: மின்சாரம் இல்லாமல் 72 மணி நேரம் இயங்க வேண்டும்.
தே-5: பெட்டியில் துளை போடக்கூடாது. கருவி வெளியே சுவரில், சென்சார் மட்டும் உள்ளே.
தே-6: கடந்த 30 நாள் அளவுகள் கருவியிலேயே இருக்க வேண்டும்.

சென்சார்: டேட்டாஷீட் வரி போதாமல் போன இடம்

தே-1 கேட்பது மொத்தப் பிழை ±0.5. DS18B20-க்கு டேட்டாஷீட் சொல்வது, மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை ±0.5. முதல் பார்வையில் அழகாகப் பொருந்துவது போலத் தெரியும். 'தே-1 கேட்டது 0.5, சென்சார் தருவது 0.5, ஆகவே நிறைவேறியது' என்று எழுதி முடிக்கத் தோன்றும். அப்படி எழுதினால் தேவை எண் இருக்கும், நியாயம் இருக்காது. சென்சார் ஒன்றே அனுமதிக்கப்பட்ட பிழை முழுவதையும் தின்றுவிட்டால், எஃகுக் குழாய்க்குள் அது உட்கார்ந்திருக்கும் விதத்தாலும் கேபிள் வழியாக வரும் வெப்பத்தாலும் சேரும் பிழைக்கு மிச்சம் எதுவும் இல்லை.

இன்னொரு சங்கடம். கடைகளில் எஃகுக் குழாயில் அடைத்து விற்கும் DS18B20-களில் நிறையப் போலிகள் உண்டு. அசல் தயாரிப்பாளரின் டேட்டாஷீட் போலிக்குச் சாட்சி சொல்லாது.

அப்படியானால் TMP117 என்ற வேறு சென்சாருக்கு மாறலாமே? அதன் பிழை மைனஸ் 20 முதல் 50 டிகிரி வரை ±0.1-க்குள். தே-1-ஐ மட்டும் பார்த்தால் அதுதான் ஜெயிக்கும். ஆனால் அது பலகையில் ஒட்டும் சிறு சிப்பு. அது பேசும் ஐ2சி இணைப்பு ஒரே பலகைக்குள் ஓடுவதற்காக வந்தது. தே-5-இன்படி சுவரில் இருக்கும் கருவியிலிருந்து பெட்டிக்குள் 2 மீட்டர் கேபிள் போக வேண்டும், அதுவும் மூடியின் ரப்பர் பட்டைக்கு அடியில் நசுங்காமல், நீர் புகாமல். DS18B20 நீர் புகாத குழாயோடும் கேபிளோடும் தயாராகக் கிடைக்கிறது, அதன் ஒற்றைக் கம்பி முறைக்கு 2 மீட்டர் ஒரு தூரமே இல்லை. ஆக, சென்சாரைத் தேர்ந்தெடுத்தது தே-5. அந்தத் தேர்வுக்காகத் தே-1-இல் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த விலை, ஒவ்வொரு சென்சாரையும் பனிநீரில் சரிபார்ப்பது.

சரிபார்க்கும் முறையும் இந்தப் பகுதியிலேயே வர வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் நியாயம் நிற்காது. காய்ச்சி வடித்த நீரில் செய்த பனிக்கட்டியை நன்றாக நொறுக்கி ஃபிளாஸ்க்கில் நிரப்பி, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த நீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் அதிகமாகிப் பனிக்கட்டி மேலே மிதந்தால் அடியில் 0 டிகிரி இருக்காது. குழாய் முழுதும் மூழ்கும்படி நடுவில் இறக்கி, அளவு நிலைத்த பிறகு எடுக்கும் எண்ணே அந்தச் சென்சாரின் விலகல். அதை நிரலில் கழித்துவிடலாம். 0 டிகிரி, நமக்கு வேண்டிய 2 முதல் 8 வரையிலான பகுதிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஒரு புள்ளிச் சரிபார்ப்பு போதும் என்று வாதிடலாம். ஆனால் வாதத்தோடு விட்டுவிடாமல் 8 டிகிரிக்கு அருகே, சான்றிதழ் உள்ள தெர்மாமீட்டரோடு ஒருமுறை ஒப்பிட்டு, மிஞ்சும் பிழையை அறிக்கையில் எண்ணாகப் போட வேண்டும்.

திருத்திய பத்தி:

"சென்சார், கேபிளோடு நீர் புகாத குழாயில் 2 மீட்டர் தூரம் செல்ல வேண்டும் (தே-5). TMP117 துல்லியத்தில் சிறந்தது, ஆனால் இந்தத் தூரத்துக்கும் ஈரத்துக்கும் தனியாக உறையும் இணைப்பும் செய்ய வேண்டும். ஆகவே DS18B20 தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் ±0.5 டிகிரிப் பிழை, தே-1 அனுமதிக்கும் முழு அளவையும் எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு சென்சாரும் பனிநீரில் சரிபார்க்கப்பட்டு விலகல் நிரலில் கழிக்கப்படுகிறது. 8 டிகிரிக்கு அருகே மிஞ்சிய பிழை சோதனை அத்தியாயத்தில், சோதனை 1-இல்."

'துல்லியமானது', 'விலை குறைவு' இரண்டும் போய்விட்டன. தோற்ற பாகத்தின் பெயரும் அது தோற்ற காரணமும் உள்ளே வந்துவிட்டன. நியாயப் பகுதியில் பெரும்பாலும் விடுபடுவது இந்தக் காரணம்தான்.

5 நிமிடம் எங்கிருந்து வந்தது

'5 நிமிடத்துக்கு ஒருமுறை போதுமானது' என்ற வாக்கியத்தை யாரும் கவனிக்கவில்லை, பாகம் இல்லை என்பதால். எண்ணும் ஒரு வடிவமைப்புத் தேர்வுதான். அதை மேலிருந்து ஒரு தேவையும் கீழிருந்து ஒரு தேவையும் நெருக்குகின்றன.

நிரல், அடுத்தடுத்த இரண்டு அளவுகள் எல்லைக்கு வெளியே இருந்தால்தான் எச்சரிக்கை அனுப்பும். மோசமான நிலையில், ஓர் அளவு எடுத்த மறுநொடியே வெப்பம் 8-ஐத் தாண்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மீறல் தெரிய ஒரு இடைவெளி, உறுதியாக இன்னொரு இடைவெளி, பின்னால் சேர்ந்த மோடம் விழித்து நெட்வொர்க்கைப் பிடித்துச் செய்தி அனுப்ப 3 நிமிடம்.

```
2T + 3 <= 15   ->  T <= 6 நிமிடம்     (தே-2)
T > W                                 (தே-3)
```

T என்பது ஓர் அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே உள்ள இடைவெளி. W என்பது மூடி திறந்ததால் அளவு எல்லைக்கு மேலே நிற்கும் நேரம். அது T-ஐ விடக் குறைவாக இருந்தால் இரண்டு அளவுகள் அதற்குள் விழ வழியில்லை. 3 நிமிடம் மூடியைத் திறந்து வைத்து அளந்தபோது W, குளிர்ந்து திரும்பும் நேரத்தையும் சேர்த்து, நாலரை நிமிடம் வந்தது. ஐஎல்ஆர் மேல்மூடிப் பெட்டி என்பதால் குளிர்காற்று கீழேயே தங்கிவிடுகிறது. பக்கவாட்டுக் கதவுள்ள சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியில் குளிர்காற்று கீழ்வழியாகக் கொட்டிவிடும், W இதைவிட நீளும். ஆக T நாலரைக்கும் ஆறுக்கும் நடுவில் இருக்க வேண்டும். 5 பொருந்துகிறது. 'அடிக்கடி அளந்தால் நல்லதுதானே' என்று 1 நிமிடம் வைத்திருந்தால் தே-3 உடைந்திருக்கும்.

இடம் குறுகல் என்பதை மறைக்காமல் எழுதினோம்: வேறு வகைப் பெட்டியில் வைத்தால் W-ஐ மீண்டும் அளக்க வேண்டும், 6-ஐத் தாண்டினால் இந்த இரண்டு-அளவு விதி பயன்படாது. இப்படி எல்லையைச் சொல்வது தேர்வைப் பலவீனமாக்கும் என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். கேள்வி கேட்பவர் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான், ஆகவே எழுதிவிடுவது நல்லது.

இதே இடத்தில் ஒரு சிறு பிழைக்கும் காவல் வேண்டும். DS18B20-க்கு 12 பிட் அளவெடுக்க 750 மில்லிநொடி வரை ஆகும். மின்சாரம் கொடுத்தவுடன் அது முடியும் முன்பே படித்தால், தொடக்க மதிப்பான 85 டிகிரி வரும். பதிவில் திடீரென்று சரியாக 85.0 தெரிந்தால் பெட்டி கொதிக்கவில்லை, நிரல் அவசரப்பட்டிருக்கிறது.

வைஃபை: தேவையோடு கட்டப் போய் அறுந்த தேர்வு

ESP32-ஐத் தே-2-உடன் கட்ட முயன்றபோது முடிச்சு விழவே இல்லை. வைஃபை வழியாகச் செய்தி போக ரவுட்டர் வேண்டும். ரவுட்டருக்கு மின்சாரம் வேண்டும். எந்த மின்தடையின்போது எச்சரிக்கை மிகவும் தேவையோ, அதே மின்தடையில் ரவுட்டரும் அணைந்துவிடும். கருவியின் பேட்டரி 72 மணி தாங்கி என்ன பயன், பேசுவதற்கு ஆள் இல்லையே. பழைய பத்தியில் 'வைஃபை வசதி உள்ளது' என்று படித்தபோது இது யார் கண்ணிலும் படவில்லை. தே-2-இல் உள்ள 'மின்தடையின்போதும்' என்ற சொல்லுக்கு எதிரே அதை வைத்ததும் தெரிந்துவிட்டது.

இப்படி அறுந்தால் மூன்று வழிகள்தான்: தேர்வை மாற்றுவது, தேவையைக் கேட்டவரின் சம்மதத்தோடு தளர்த்துவது, நிறைவேறவில்லை என்று வெளிப்படையாக எழுதுவது. சொற்களை மழுப்பிக் கட்டுவது நாலாவது வழி அல்ல. இங்கே மாற்றியாகிவிட்டது: SIM800L மோடம் சேர்ந்தது. அது 2ஜி மட்டும் பேசும், ஜியோவில் 2ஜி கிடையாது. ஆகவே 'அந்த இடத்தில் 2ஜி சிக்னல் தரும் நிறுவனத்தின் சிம்' என்பது நிபந்தனையாக உள்ளே வந்தது. ESP32 தங்கியது, ஆனால் வைஃபைக்காக அல்ல. உறங்கி விழிக்கும் வசதிக்காகவும் (தே-4) உள் நினைவகத்துக்காகவும் (தே-6).

பேட்டரி: தேர்வு சரி, காரணம் தவறு

'நீண்ட நேரம் தாங்கும்' என்பதைத் தே-4-இன் 72 மணியாக மாற்றிக் கணக்குப் போட்டோம். இங்கே பலரும் விழும் குழி, ESP32 ஆழ்ந்த உறக்கத்தில் 10 மைக்ரோஆம்பியர்தான் எடுக்கும் என்ற டேட்டாஷீட் எண். அது சிப்புக்கு மட்டும். அதைச் சுமக்கும் பலகையில் ரெகுலேட்டர், யுஎஸ்பி சிப்பு, எரியும் எல்இடி எல்லாம் உண்டு. மீட்டர் வைத்து அளந்தபோது பலகை முழுவதும் உறக்கத்தில் 9 மில்லிஆம்பியர் எடுத்தது. கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு.

```
உறக்கம்              9 mA
விழிப்பு 50 mA × 2 s / 300 s  ≈ 0.33 mA
72 மணிக்கு           9.33 × 72 ≈ 672 mAh
எஸ்எம்எஸ் 18 × 150 mA × 60 s  = 45 mAh
மொத்தம்              ≈ 717 mAh
```

717-க்கு 2600 எதற்கு, 1000 போதுமே என்று இங்கே கேள்வி வரும். பதில் இன்னொரு தேவையில் இருக்கிறது. SIM800L செய்தி அனுப்பும் கணத்தில் 2 ஆம்பியர் வரை இழுக்கும், 3.4 வோல்ட்டுக்குக் கீழே போனால் அணைந்துவிடும். செல், கம்பி, இணைப்பி எல்லாம் சேர்ந்து 0.15 ஓம் தடை என்றால் 2 ஆம்பியரில் 0.3 வோல்ட் விழும். ஆகவே செல் 3.7 வோல்ட்டில் இருக்கும்வரைதான் செய்தி போகும் (தே-2). லித்தியம் செல் 3.7-க்கு இறங்கும்போது ஏறக்குறையப் பாதிச் சார்ஜ் இன்னும் உள்ளே இருக்கும், ஆனால் நமக்கு அது உதவாது. பழசாகிக் கொள்ளளவு 80 சதவீதமாகக் குறைவதையும் சேர்த்தால், 2600-இல் உண்மையில் கைக்கு வருவது 2600 × 0.8 × 0.5, அதாவது 1040. 717-க்குப் போதும். 1500 செல்லில் 600-தான் வரும், பற்றாது.

பழைய அறிக்கையிலும் 2600-தான், புதியதிலும் 2600-தான். மாறியது, யாராவது 'சின்னதாக மாற்றலாமா' என்று கேட்டால் எந்த எண்ணைத் தொட வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. எல்இடியைப் பிடுங்கினாலோ தடித்த கம்பி போட்டாலோ சிறிய செல் சாத்தியமாகலாம்.

தலைகீழாக ஒரு ஓட்டம்

தேவையிலிருந்து பாகத்துக்குப் போனபின், பாகப் பட்டியலை எடுத்துக்கொண்டு எதிர்த்திசையில் ஒருமுறை போக வேண்டும். எந்தத் தேவையும் கேட்காத பாகங்கள் அப்போதுதான் வெளியே வரும். இரண்டு வந்தன.

மெமரி கார்டு ஒன்று. தே-6 கேட்பது 30 நாள். நாளுக்கு 288 அளவுகள், 30 நாளுக்கு 8640, ஒன்றுக்கு 8 பைட் என்றால் 70 கிலோபைட்டுக்கும் குறைவு. ESP32 பலகையின் 4 எம்பி ஃபிளாஷிலேயே இது தாராளமாக அடங்கும். 16 ஜிபி கார்டும் அதன் சாக்கெட்டும் போயின.

ஓஎல்இடி திரை மற்றொன்று. அதையும் எடுத்துவிட வேண்டியதுதான் என்று தோன்றும். ஆனால் ஐஎல்ஆர் வெப்பநிலையைச் செவிலியர் நாளுக்கு இரண்டுமுறை பதிவேட்டில் எழுதுவது நடைமுறை. திரை இருந்தால் மூடியைத் திறக்காமலேயே எழுதலாம். இங்கே பாகம் தேவையற்றது அல்ல, தேவைதான் எழுதப்படாமல் விடுபட்டிருக்கிறது. ஆகவே தே-7: 'மூடியைத் திறக்காமல் வெப்பநிலையைப் படிக்க முடிய வேண்டும், மூலம்: செவிலியர்.' அவரிடம் கேட்டு உறுதிசெய்த பிறகே சேர்த்தது. கேட்காமல் சேர்த்தால் அது மறுபடியும் ESP32 வரியைப் போல வேடம் போட்ட தேவையாகிவிடும். திரையும் பொத்தான் அழுத்தினால் 10 நொடி மட்டும் எரியும்படி மாறியது, ஓயாமல் எரிந்தால் தே-4 கணக்கு கெட்டுவிடும்.

பெட்டியின் வெள்ளை நிறத்துக்கு எந்தத் தேவையும் கிடைக்கவில்லை. 'கையில் இருந்த உறை. எந்தத் தேவையும் இதைக் கட்டுப்படுத்தவில்லை' என்று ஒரே வரியில் எழுதி விட்டாயிற்று. அதற்கும் ஒரு காரணம் ஜோடித்தால் மற்ற காரணங்களின் மேலும் சந்தேகம் விழும்.

கடைசியாக, ஒவ்வொரு தேவைக்கும் எதிரே தேர்வும், அதைச் சோதித்த சோதனை எண்ணும் போட்ட ஒரு அட்டவணை. தே-2-க்கு எதிரே சோதனைக் கட்டம் காலியாக இருந்தது. மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சென்சாரை வெதுவெதுப்பான நீரில் முக்கி, எஸ்எம்எஸ் வரும்வரை கடிகாரம் பார்க்கும் சோதனை இன்னும் செய்யப்படவில்லை. அதைச் செய்து நேரத்தை நிரப்பும்வரை அந்த வரியில் 'நிறைவேறியது' என்று எழுதாமல் 'சோதனை நிலுவை' என்றே விட்டிருக்கிறது.